கடல் வந்ததா? – என் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரியதரிசி என்னை அழைத்தபோது, "உங்கள் அந்தமான் அனுபவத்தைப் பேசுங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்" என்றார். அந்தமானைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அனுபவத்தைவிட, அங்கே நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பை 2005இல் ஒரு மலரில் அச்சிலும் ஏற்றிவிட்டேன். இங்கே இருப்பவர்களில் சிலர் அதைப் படித்திருக்கலாம். படித்துவிட்டுப் பேரன் பேத்திகளிடம் சொல்லியும் இருக்கலாம். அதனால் திருத்தத்தையும் நானே சொல்லிவிடுவது நல்லது.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம். "அந்தமானில் வேலை பார்த்தவர் நீங்கள், ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டார்கள். நான் எழுதியது இதுதான்: 1941 ஜூன் 26 அன்று இடை அந்தமானில் ஒரு பெரிய பூகம்பம், அதனால் எழுந்த அலை நம் கிழக்குக் கரையைத் தாக்கி 5,000 பேர் மாண்டனர், ரங்கத்தில் நான் இருந்தபோது அங்குள்ள முதியவர் ஒருவரே கடல் வந்ததை எனக்குச் சொன்னார், என் பெரியப்பாவும் அந்த அலையில்தான் போனார். நாலு வாக்கியம். பூகம்பம் வந்தது என்ற முதல் வாக்கியம் மட்டும் நிற்கும். மற்ற மூன்றும் எப்படி விழுந்தன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரங்கத். நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்தவன். 1979இல் ரங்கத்துக்குப் போஸ்டிங் வந்தது. போர்ட் பிளேர் – இப்போது ஸ்ரீ விஜயபுரம் – வரை கப்பல், அங்கிருந்து இன்னொரு படகு. இடை அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர். சுற்றுப்பட்டில் உள்ள கிராமங்களின் பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: தசரத்பூர், ஜனக்பூர், பஞ்சவடி, சபரி! எனக்கும் முதலில் மெய்சிலிர்த்தது. ஸ்ரீராமர் இங்கே வந்தாரா என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களைக் காட்டை வெட்டிக் குடியமர்த்தியபோது வைத்த பெயர்கள் அவை. என்னைவிடக் கொஞ்சமே மூத்த பெயர்கள். இன்னும் நூறு வருஷம் போனால் அதற்கொரு ஸ்தல புராணம் கிளம்பினாலும் கிளம்பும்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. இதில்தான் என் முதல் தப்பு ஒளிந்திருந்தது. அகதிகளை அந்தமானில் குடியமர்த்தும் வேலையே 1949இல்தான் தொடங்கியது. ரங்கத் பக்கத்துக்கு அது வந்தது 1950களில். ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். அந்தமான் நிகோபார் முழுவதற்கும் 1951இல் சுமார் 31,000 பேர். 1961இல் 63,000 பேருக்கு மேல். பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு. அப்படியானால் 1979இல் ரங்கத் கடைத்தெருவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்த எந்த முதியவரும் 1941இல் அந்தத் தீவில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது இடை அந்தமானில் இருந்தவர்கள் ஜாரவா ஆதிவாசிகள், காட்டிலாகாவின் மரம் வெட்டும் முகாம்களில் இருந்த ராஞ்சிக் கூலிகள், வடக்கே மாயாபந்தர் பக்கம் 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரென்கள். பூகம்பத்தைப் பற்றி நேர்சாட்சி வேண்டுமென்றால் நான் போய்க் கேட்டிருக்க வேண்டியது அவர்களை. வசதியாக ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தவரை இல்லை. "ஊர்ப் பெரியவர்" என்றதும் அவர் எல்லாப் பழைய கதைக்கும் சாட்சி என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அவர் எந்த வருஷம் இந்த ஊருக்கு வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பேச்சு கதையாக இருக்கலாம், மற்றவரிடம் கேட்டதாக இருக்கலாம். சாட்சியம் ஆகாது.

இரண்டாவது தப்பு, நான் கேட்ட கேள்வி. என் நோட்டுப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: "பூகம்பத்துக்குப் பிறகு கடல் உள்ளே வந்ததா?" என்று கேட்டிருக்கிறேன். கேட்கிறவன் சர்க்கார் உத்தியோகஸ்தன், பதில் சொல்கிறவர் பட்டாவுக்கு அலைகிறவர். "இல்லை" என்று சொல்வாரா? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டேன். அந்த நோட்டுக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

இனி 5,000 பேர் என்ற எண்ணுக்கு வருவோம். இது நான் கற்பனை செய்ததில்லை. 1991இல் மூர்த்தி, ரஃபிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வட இந்து சமுத்திரத்தின் சுனாமிகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மூன்றே பக்கம். "தற்காலிகப் பட்டியல்" என்று தலைப்பிலேயே அடக்கமாகச் சொல்லியிருந்தார்கள். 2004க்குப் பிறகு எல்லோருக்கும் பழைய சுனாமிக் கணக்கு வேண்டியிருந்தது. 1941இல் கிழக்குக் கரையில் 5,000 பேர் என்பது பத்திரிகை, பாடப்புத்தகம், சொற்பொழிவு என்று பரவியது. "தற்காலிகம்" என்ற வார்த்தை மட்டும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. நான் நாலு இடத்தில் அதைப் படித்தேன். நாலு ஆதாரம் என்று நினைத்துக்கொண்டேன். நாலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொன்றிலும் எண்ணும் சொற்றொடரும் ஒரே மாதிரி இருக்கும். ஊர்ப் பெயர் ஒன்றுகூடப் புதிதாக இருக்காது. உண்மையிலேயே தனித்தனியாகப் பார்த்தவர்கள் எழுதினால் ஒருவர் கடலூர் என்பார், இன்னொருவர் தரங்கம்பாடி என்பார், எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வித்தியாசமே இல்லாத சாட்சிகளை எந்த நீதிபதியும் சந்தேகிப்பார்.

அந்தச் செய்தியோடு ஒரு விளக்கமும் சேர்ந்தே வந்தது: பத்திரிகைகள் அந்தச் சாவுகளைப் புயல் அலை என்று தவறாக எண்ணிவிட்டனவாம். இதைப் படித்தபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆதாரம் இல்லாததற்கு ஒரு சமாதானத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு வருகிற செய்தி அது. புயல் என்று எழுதினார்கள் என்றால் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி? ஆனி மாதத்தில் சோழமண்டலக் கரைக்குப் புயல் ஏது? நமக்குப் புயல் ஐப்பசி, கார்த்திகையில். எப்போதாவது சித்திரை, வைகாசியில். ஆனியில் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும்.

பி.எஸ்ஸி. படித்தது எதற்கு என்று ஒருநாள் பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். 1941 பூகம்பத்தின் அளவை முதலில் 8.1 என்று போட்டிருந்தார்கள். பிறகு வந்த கணக்கில் 7.7. 2004இல் வந்தது 9.1. வித்தியாசம் 1.4தானே என்று தோன்றும். ஆனால் அந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் சக்தி சுமார் 32 மடங்கு. 1.4க்கு நூறு மடங்குக்கும் மேல். 2004இல் நூறு மடங்கு பெரிய பூகம்பம் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைப் பலி கொண்டது. கரையில் ஜனம் எவ்வளவோ குறைவாக இருந்த 1941இல், அதில் நூறில் ஒரு பங்கு சக்தி 5,000 பேரைக் கொன்றது என்றால் நம்பக் கஷ்டமாக இல்லையா?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பூகம்பமும் இருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே, அளவு சுமார் 7.9. அப்போது வங்காள விரிகுடாவைச் சுற்றி எட்டு இடங்களில் அலைமானிகள் ஓடிக்கொண்டிருந்தன. எட்டிலும் அந்த அலை கோடு போட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் உயர்ந்த அலைமுகடு 0.8 மீட்டர், ஏறக்குறைய இடுப்பளவு. அலைமானிக்கு ஞாபக மறதி கிடையாது, சர்க்காரிடம் பட்டா கேட்கும் ஆசையும் கிடையாது. 1941க்கு இப்படி ஒரு சாட்சி நமக்கு அமையவில்லை. நான் படித்ததில் ஒரு கட்டுரை "அன்று அலைமானியே இயங்கவில்லை" என்கிறது. மற்றொன்று "அலைப் பதிவேட்டைப் பார்த்ததில் புயல் அலைக்கு அறிகுறி இல்லை" என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் சேர்த்து எழுதியவர்களும் உண்டு! பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது எது, கேட்டதை எழுதியது எது என்று பிரிக்க முடியாதபோது இரண்டையும் ஒதுக்கி வைப்பதுதான் நியாயம். ஆகவே ஒரு மீட்டர் அளவில் அலை வந்திருக்கலாம். 5,000 உயிரைக் குடித்த அலை என்பதற்கு ஆதாரம் இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலரும் இந்த எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

"அந்தக் காலத்துத் தஸ்தாவேஜு கிடைக்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?" என்று இங்கே ஒருவர் கேட்கத்தான் போகிறார். சரியான கேள்வி. இதற்குப் பதில் என் தகப்பனார் உத்தியோகத்தில் இருக்கிறது. அவர் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் ரிக்கார்டு கீப்பர். ஒரு ஃபைல் முடிந்ததும் அதன் மேல் ஒரு எழுத்துப் போடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ். பத்து வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். எல்.டிஸ். ஒரே வருஷம். காலம் முடிந்ததும் கட்டி எரிப்பார்கள். எந்த எழுத்து என்று அநேகமாகத் தீர்மானிப்பது ஒரு குமாஸ்தா. "நாம இன்னிக்கு ரிக்கார்டு ரூம்ல பாக்கறது நடந்ததெல்லாம் இல்லேடா, யாரோ ஒரு குமாஸ்தா வச்சுண்டது" என்று அப்பா சொல்வார். நாம் மாதிரிக்குச் சில ஃபைல்களை எடுப்பதற்கு முன்னாலேயே, இன்னொருவர் எடுத்த மாதிரிதான் அலமாரியில் இருக்கிறது. ஆகவே ஒரு விஷயம் ஆவணத்தில் இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது: அது இருந்திருந்தால் எந்த எழுத்துப் போட்ட கட்டில் இருந்திருக்கும், அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா?

இப்படிப் பார்த்தால் அந்தமானின் மௌனமும் சென்னை மாகாணத்தின் மௌனமும் ஒன்றில்லை. பூகம்பம் நடந்து ஒன்பதே மாதத்தில், 1942 மார்ச்சில், ஜப்பானியர் அந்தமானைப் பிடித்துவிட்டார்கள். 1945 அக்டோபர் வரை பிரிட்டிஷ் சர்க்கார் அங்கே திரும்பவில்லை. பழைய ஆபீஸ் கட்டுகளில் பெரும்பகுதி அந்த நாட்களில் அழிந்தது. ஜிங்ரன் என்ற புவியியல் இலாகா அதிகாரி இந்தப் பூகம்பத்தைப் பற்றி எழுதிய குறிப்பே 1953இல்தான் அச்சில் வந்தது. ஆகையால் ரங்கத் பக்கத்துக் காட்டு முகாமில் என்ன ஆயிற்று என்று போர்ட் பிளேர் காகிதம் சொல்லவில்லை என்றால், அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆனால் சென்னை மாகாணம் யார் கையிலும் விழவில்லை. கலெக்டர் இருந்தார், தாசில்தார் இருந்தார், ஒவ்வொரு கிராமத்திலும் ஜனன மரணக் கணக்கு எழுத முன்சீப் இருந்தார். 5,000 பேர் செத்தால் எத்தனை இடத்தில் தடம் விழும் என்று எண்ணிப் பாருங்கள். பத்திரிகையில், ரெவின்யூ இலாகாவின் நிவாரண உத்தரவில், கிராம மரணப் பதிவேட்டில், மாகாணப் பொதுச் சுகாதார அறிக்கையில். ஒன்று எரிந்து போகலாம். எல்லாம் ஒரே சமயத்தில் ஊமையாகாது.

அப்படியானால் எதை எடுத்துப் பார்ப்பது? தஞ்சை, தென்னார்க்காடு, செங்கல்பட்டு என்று கரையோரக் கிராமங்கள் முழுவதற்கும் பதிவேடு புரட்ட ஒரு ஆயுள் போதாது. பத்துக்கு ஒன்று என்று குருட்டுவாக்கில் எடுத்தாலும் இந்த விஷயத்துக்குச் சரிப்படாது. அலைச் சாவு பரவலாக விழாது. சில குப்பங்களில் கொத்தாக விழும். குருட்டு மாதிரி அந்தக் குப்பங்களைத் தாண்டிப் போய்விடும். இங்கே பௌதிகம் கை கொடுக்கும். ஆழ்கடலில் சுனாமியின் வேகம் v = √(gh). வங்காள விரிகுடாவுக்கு ஆழம் சுமார் 3,000 மீட்டர் என்று வைத்தால் மணிக்கு 600 கிலோமீட்டர் சொச்சம். இடை அந்தமானிலிருந்து சென்னைக் கரை சுமார் 1,300 கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரம். கரையோர மேட்டில் வேகம் குறையும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பூகம்பம் நம் நேரப்படி மாலை சுமார் ஐந்தேகால் மணிக்கு. அலை வந்திருந்தால் இரவு ஏழரையிலிருந்து எட்டு மணிக்குள். அது விஷு வருஷம் ஆனி மாதம், வியாழக்கிழமை, அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். கும்மிருட்டு. ஆகவே தேட வேண்டிய பத்திரிகை 27ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம். அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜூன் 22இல்தான் ஹிட்லர் ருஷ்யாவின் மேல் பாய்ந்தான். முதல் பக்கம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும். ஹிந்து, சுதேசமித்திரன், தினமணி மூன்றிலும் உள் பக்கத்து ஜில்லாச் செய்திகளைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பதிவேடுகளில், 2004இல் எந்த இடங்களில் கடல் அதிகமாக ஏறியதோ அந்த இடங்களை முதலில் எடுக்க வேண்டும். நாகப்பட்டினமும் அதை ஒட்டிய குப்பங்களும், வேளாங்கண்ணி, கடலூர். கரையின் அமைப்பு இரண்டு பூகம்பத்துக்கும் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்று நிரூபிக்கப் போகிறவன், இருப்பதற்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில்தான் தேட வேண்டும். அங்கேயே இல்லை என்றால் மற்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். இன்னொன்று: 1941 ஜூன் மட்டும் பார்த்தால் எண் பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்? அதே கிராமத்தின் 1940 ஜூனையும் 1942 ஜூனையும் பக்கத்தில் வைக்க வேண்டும். காலராவும் அம்மையும் வேறு காரணங்களும் எந்த வருஷமும் இருந்தவை. அவற்றுக்கு மேலே ஒரு மேடு தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இனி என் பெரியப்பா. இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பெரியப்பாவுக்குச் சந்ததி இல்லை. கடலில் போனார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. 2005 ஜனவரியில் என் அத்தை, அவருக்கு அப்போது 73 வயது, டி.வி.யில் நாகப்பட்டினத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, "எங்க அண்ணாவும் இப்படித்தான் போனார்டா, அந்தமான்ல பூகம்பம் வந்துதே, அப்போ" என்றார். கண்ணெல்லாம் ஜலம். நான் உடனே நம்பினேன். மலரில் எழுதியும் விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அப்பாவின் பெட்டியில் சிரார்த்தத் திதி எழுதிய சின்ன நோட்டுக் கிடைத்தது. அப்பா கைப்பட எழுதியது. பெரியப்பாவுக்கு: ஐப்பசி, கிருஷ்ண பட்சம், சப்தமி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1941 பூகம்பம் ஆனியில், சுக்ல பட்சத் தொடக்கத்தில். மாதமும் ஒத்துவரவில்லை, பட்சமும் ஒத்துவரவில்லை. உடல் கிடைக்காதவருக்கு வேறு திதி வைப்பது உண்டே என்று உங்களில் சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. வாத்தியாரைக் கேட்டேன். "போன நாள் தெரியலேன்னா வேற திதி வைக்கறது உண்டு. அதுக்கு அநேகமா அமாவாசையோ ஏகாதசியோதான் எடுத்துப்பா. சப்தமின்னு குறிப்பா இருந்தா நாள் தெரிஞ்சுதான் வச்சிருப்பா" என்றார்.

அத்தையிடம் திரும்பப் போனேன். இந்தத் தடவை பூகம்பம், அலை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு, "அத்தை, பெரியப்பா போன அன்னிக்கு ஆத்துல என்னெல்லாம் நடந்துதுன்னு சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று நாளாக விடாத மழை. விறகு ஈரமாகி அடுப்புப் பற்றவில்லை. கொல்லைக் கிணறு விளிம்பு வரை நிரம்பிவிட்டது. பாட்டி நடையில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தார். பூமி ஆடியதாக ஒரு வார்த்தை இல்லை. கொல்லைக் கிணறு நிரம்புவது எங்கள் ஊரில் ஆனியில் நடக்காது, ஐப்பசியில்தான். அத்தை பார்த்ததெல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தது. அதற்குப் பெயர் மட்டும் டி.வி. பார்த்த பிறகு மாறியிருந்தது.

திதிக்கு ஒரு குறை உண்டு. நாளைச் சொல்லும், வருஷத்தைச் சொல்லாது. 1941 ஐப்பசியா, 1947 ஐப்பசியா? வாரிசு விசாரணை நடந்திருந்தால் அந்தக் காகிதம் என்றோ எரிந்திருக்கும். ஆனால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் கிரயப் பத்திரங்களை நகலெடுத்து வைக்கும் முதல் புஸ்தகம் நிரந்தரம், அதை எரிக்க மாட்டார்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் நகலில் ஏறும். சாட்சிகளுக்கு அட்டவணை கிடையாது. விற்றவர், வாங்கினவர் பெயருக்கும் சொத்துக்கும்தான் அட்டவணை. ஆகவே பெரியப்பா எங்கே சாட்சி போட்டிருப்பார் என்று யோசித்தேன். எங்கள் அக்ரஹாரத்து மனைகள், அதை ஒட்டிய நஞ்சை. அந்த சர்வே எண்களுக்கு மட்டும் 1940 முதல் 1950 வரை வில்லங்கம் போட்டுப் பார்த்து, வந்த ஏழு பத்திரங்களுக்கும் நகல் வாங்கினேன். ஐந்தாவதில், 1944 பிப்ரவரியில், பக்கத்து வீட்டு மனை விற்ற பத்திரத்தில் இரண்டாவது சாட்சி என் பெரியப்பா. 1941இல் கடலில் போனவர் 1944இல் சாட்சி போட முடியாது. அந்தப் பத்திரம் எழுதியவருக்கு என் பெரியப்பா உயிரோடு இருந்தாரா என்பதில் எந்த அக்கறையும் இல்லை. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை. ஆகக் கூடி, 1944 பிப்ரவரிக்குப் பிறகு வந்த ஒரு ஐப்பசியில், மழைக் காலத்தில் போனார். அவ்வளவுதான் சொல்ல முடியும். இனி எழுதினால் அவ்வளவுதான் எழுதுவேன்.

அத்தையிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து இருந்த இடத்தில் எழுதியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "உன் ரிக்கார்டு என்ன வேணா சொல்லட்டும். அன்னிக்கு ஆத்துல இருந்தவ நான்டா" என்றார். நான் வாதாடவில்லை. அவர் 2011இல் காலமானார். டேப் என்னிடம் இருக்கிறது. அவர் டி.வி. பார்த்துச் சொன்னதையும், பிறகு தானாகச் சொன்னதையும், எந்தத் தேதியில் எந்தக் கேள்விக்குச் சொன்னார் என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை.

மலரின் ஆசிரியர் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினேன். அதற்குள் அது நின்றுபோயிருந்தது. அதனால்தான் இந்தச் சபையின் நேரத்தை எடுத்துக்கொண்டேன். நம் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பூர்வீகமாக உள்ளவர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பரணில் 1941 ஜூன் கடைசியில் எழுதிய கார்டோ, கணக்கு நோட்டோ, ஓரத்தில் குறிப்பு எழுதிய பஞ்சாங்கமோ இருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். "அன்று சாயங்காலம் பாத்திரம் உருண்டது" என்று ஒரு வரி இருந்தாலும் போதும். அலையைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றாலும் அனுப்புங்கள். கடலோர வீட்டில் 27ஆம் தேதி எழுதிய கார்டு கத்தரிக்காய் விலையை மட்டும் பேசுகிறது என்றால் அதுவும் ஒரு தகவல். பௌர்ணமி வெளிச்சத்தில் கடல் பொங்கியதைப் பாட்டி பார்த்தார் என்று யாராவது சொன்னால், அது வேறு ஏதோ ஒரு நாள். அதையும் அந்தப் பாட்டியின் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.

ரங்கத் நோட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். போன வருஷம் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தமானில் வங்காளியும் தமிழரும் கரெனும் ஒருவரோடு ஒருவர் பேசுவது ஹிந்தியில்தான். அன்று அந்த முதியவரும் நானும் ஹிந்தியில்தான் பேசினோம். பக்கத்தில் தமிழில் "கடல் வந்தது என்றார்" என்று மசியில் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஓரத்தில், பென்சிலில், பேசும்போதே கிறுக்கிய அவருடைய வார்த்தை மங்கலாக இருக்கிறது: "ஆயா ஹோகா, சாப்." வந்திருக்கும், ஐயா.